புழு சாகிறதா, மயங்குகிறதா?

ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா ஒருநாள் என்னிடம் கேட்டார்: "இதைப் போட்டா புழு செத்துருமா கண்ணு, இல்ல மயங்கித்தான் கெடக்குமா?" அவர் கையில் இருந்தது ஐவர்மெக்டின், ஒரு சதவீதக் கரைசல். நான் அப்போது ஓர் ஆய்வகத்தில் இதே மருந்தைப் புழுக்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதிதாகப் படித்த தெம்பில், "முடக்கிடும் பெரியப்பா, பக்கவாதம் வந்த மாதிரி" என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பதில் பாதிதான் சரி என்று புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

ஆய்வகத்தில் எங்களுக்குக் கிடைத்த புழு ஆட்டுப்புழு அல்ல. சி. எலிகன்ஸ் என்ற, மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. யாருக்கும் நோய் தராது, தட்டில் பாக்டீரியாவை மேய்ந்துகொண்டு பிழைக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி. நுண்ணோக்கியில் வைத்தால் தொண்டை வேலை செய்வது அப்படியே தெரியும். தொண்டையின் பின்முனையில் அரவைக்கல் போல ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது ஒருமுறை திரும்பும். தீனி இருக்கும் தட்டில் நல்ல புழு நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் அப்படி விழுங்கும். கையில் எண்ணும் கருவியை வைத்து அதை எண்ணுவதுதான் என் வேலை. கட்டை விரல் வீங்கிப்போகும் வேலை.

முதல் தடவை மருந்தை அதிகமாகக் கலந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாப் புழுவும் குச்சி மாதிரி நீட்டிக் கிடந்தன. எனக்கு ஒரே மகிழ்ச்சி. மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விஷம் கொடுத்தால் சாகும்னு நிரூபிச்சிருக்கே. எது முதலில் நின்னுச்சுன்னு சொல்லு" என்றார். மறுநாள் அளவைப் பல மடங்கு குறைத்து மறுபடி போட்டேன். இம்முறை புழுக்கள் வழக்கம்போல நெளிந்து போய்க்கொண்டிருந்தன. தொட்டால் பின்வாங்கின. ஆனால் தொண்டையில் அரவைக்கல் அசையவில்லை. தீனியின் நடுவில் நின்றுகொண்டு பட்டினி கிடந்தன. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் முடங்குகிறது என்று நான் நினைத்திருந்தது அங்கேயே உடைந்தது. தொண்டைக்குப் போதுமான அளவு உடம்புத் தசைக்குப் போதவில்லை.

அது ஏன் என்று சொல்வதற்கு முன், மருந்து வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களின் தொடக்கத்தில் டோக்கியோவின் கிடசாட்டோ நிறுவனத்தில் இருந்த சடோஷி ஓமுரா, போகிற இடமெல்லாம் மண் அள்ளிவரும் பழக்கம் உள்ளவர். ஷிசுவோகா மாகாணத்தில் கவானா என்ற இடத்துக் கோல்ஃப் மைதானத்துக்கு அருகே எடுத்த மண்ணில் ஒரு புது பாக்டீரியா கிடைத்தது. பின்னால் அதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவெர்மிடிலிஸ் என்று பெயர் வந்தது. மற்ற 50-க்கும் மேற்பட்ட பாக்டீரியாக்களோடு சேர்த்து இதை அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே வில்லியம் கேம்பல் குழுவினர் புழு ஏற்றிய எலிகளின் தீனியில் ஒவ்வொரு பாக்டீரியாவின் சாற்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கவானா மண்ணின் சாற்றைத் தின்ற எலியின் குடலில் புழு இல்லை. சாற்றில் இருந்த பொருளுக்கு அவெர்மெக்டின் என்று பெயர். அது எட்டு உருவங்களில் இருந்தது. அவற்றில் ஒரு ஜோடியை எடுத்து, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பில் மட்டும் ஹைட்ரஜன் சேர்த்தால் ஐவர்மெக்டின். 1981-இல் கால்நடை மருந்தாகவும் 1987-இல் மனித மருந்தாகவும் வந்தது. 2015-இல் ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் நோபல் பரிசில் பங்கு.

மருந்து சந்தைக்கு வந்து பல வருடம் வரை அது எங்கே போய் ஒட்டுகிறது என்று தவறாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காபா என்ற வேறொரு நரம்புச் செய்திப் பொருளின் சானல்தான் இலக்கு என்பது அப்போதைய கருத்து. சானல் என்றால் செல்லின் சவ்வில் கதவு வைத்த துளை. செய்திப் பொருள் வந்து தொட்டால் கதவு திறக்கும், அயனிகள் உள்ளே புகும்.

மெர்க்கின் ஆட்கள் இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சி. எலிகன்ஸ் புழுவிலிருந்து செய்தி ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் முட்டைக்குள் செலுத்தினார்கள். அந்த முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பெரியது. கண்ணுக்குத் தெரியும், மின்முனையைக் குத்தலாம். முட்டை அந்த ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புழுவின் சானல்களைத் தன் மேல்சவ்வில் கட்டிவைக்கும். பிறகு மேலே ஒவ்வொரு பொருளாக ஊற்றி மின்னோட்டம் வருகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். ஐவர்மெக்டின் ஊற்றியபோது குளோரைடு அயனிகளின் மின்னோட்டம் வந்தது. குளுட்டமேட் ஊற்றினாலும் வந்தது. 1994-இல் அந்தச் சானலின் இரண்டு உறுப்புகளையும் மரபணு அளவில் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஆல்ஃபா உறுப்பு மட்டும் இருந்தால் ஐவர்மெக்டினுக்குத் திறக்கிறது, குளுட்டமேட்டுக்கு அசைவதில்லை. பீட்டா மட்டும் இருந்தால் நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் இரண்டுக்கும் திறக்கிறது. ஒரே கதவுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் சாவித் துளை என்பது அப்போதே கொஞ்சம் தெரிந்துவிட்டது.

குளுட்டமேட் நமக்கும் தெரிந்த பொருள்தான். அஜினோமோட்டோவில் இருப்பது அதன் உப்பு. நம் மூளையில் அது உசுப்பிவிடும் செய்தி. புழுவிலும் பல இடங்களில் அப்படித்தான். ஆனால் சில இடங்களில் அதே குளுட்டமேட் குளோரைடு கதவைத் திறந்து, "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. நம் உடம்பில் குளுட்டமேட்டுக்குத் திறக்கும் குளோரைடு சானல் கிடையாது. பாலூட்டிகள் எதிலும் கிடையாது. மருந்தின் மொத்தப் பிழைப்பும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இப்போது தொண்டைக்குத் திரும்பலாம். புழுவின் தொண்டையில் எம்3 என்று பெயரிட்ட ஒரு ஜோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. தொண்டைத் தசை சுருங்கியதும் அவை கொஞ்சம் குளுட்டமேட்டை விடுகின்றன. தசையில் இருக்கும் குளோரைடு கதவுகள் ஒரு கணம் திறந்து மூடுகின்றன. எதிர்மின்னூட்டம் உள்ளே வந்ததால் தசை தளர்கிறது. தளர்ந்தால்தான் அடுத்த விழுங்கல் வரும். நிமிடத்துக்கு 200 தடவை விழுங்க வேண்டுமானால் தளர்த்தும் கட்டளையும் அதே வேகத்தில் வந்து வந்து போக வேண்டும். ஐவர்மெக்டின் செய்வது, வந்த கட்டளையைப் போகவிடாமல் பிடித்துவைப்பது. கதவு திறந்தது திறந்தபடியே நின்றுவிடுகிறது.

அதன் பிறகு தசைக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஓட்டைக் குடம் நல்ல உவமை. தசை சுருங்க வேண்டுமானால் செல்லின் உள்ளே மின்னழுத்தம் ஒரு மட்டத்துக்கு ஏற வேண்டும். அதற்கு நேர்மின்னூட்டம் சேர வேண்டும். குளோரைடு கதவு திறந்தே கிடக்கும்போது எவ்வளவு நேர்மின்னூட்டம் வந்தாலும் குளோரைடு உள்ளே வந்து அதைச் சரிக்கட்டிவிடும். குடத்தில் ஊற்ற ஊற்ற ஒழுகிப் போகும், விளிம்பைத் தொடவே தொடாது. நரம்பு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், தசைக்குக் கேட்காது. விறைப்பு இல்லை, துடிப்பு இல்லை, தளர்ந்து கிடத்தல் மட்டும். தொண்டையில் இந்தக் கதவுகள் நேரடியாகத் தசையிலேயே இருப்பதால் அது முதலில் விழுகிறது. நான் தட்டில் பார்த்தது இதைத்தான்.

கதவு ஏன் மூடுவதில்லை என்பதற்குப் படம் கிடைத்தது 2011-இல். அமெரிக்காவில் ரையன் ஹிப்ஸும் எரிக் குவோவும் இந்தப் புழுச் சானலைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரில் அதன் வடிவத்தை எடுத்தார்கள். ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை. பீப்பாய்ப் பலகைகளை நிறுத்திய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுட்டமேட் உட்காரும் இடம் சவ்வுக்கு வெளியே, மேல்பாகத்தில். ஐவர்மெக்டின் அங்கே போகவே இல்லை. அது கொழுப்பில் கரைவது, சவ்வுக்குள்ளேயே நுழைந்து, பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் இடுக்கில் செருகிக்கொண்டிருந்தது. ஐந்து இடுக்கிலும் ஒன்றொன்று. தச்சர் மரப்பிளவில் ஆப்பு அடிப்பாரே, அதேதான். ஆப்பு இருக்கும் வரை பிளவு மூடாது. பேச்சு வழக்கில் "ஆப்பு வச்சிட்டான்" என்று நாம் சொல்லும் பொருளும் இங்கே முழுக்கப் பொருந்துகிறது.

அந்த இடுக்கில் ஓர் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அது சிறியதாக இருப்பதால்தான் ஆப்பு உள்ளே போக இடம் இருக்கிறது. மனித உடலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த, கிளைசினுக்குத் திறக்கும் குளோரைடு சானல்கள் உண்டு. அவற்றில் அந்த இடத்தில் சற்றே பெரிய அலனின் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்றைச் சோதனையில் மாற்றிக் கிளைசின் ஆக்கினால் மனிதச் சானலும் ஐவர்மெக்டினுக்கு வெகு எளிதில் மசிகிறது. ஆக நம் சானல்கள் முற்றிலும் தப்பித்தவை அல்ல. அளவு கூடினால் திறக்கும். நம்மைக் காப்பது அளவும், மூளையின் வாசலில் நிற்கும் ஒரு காவல் புரதமும். பி-கிளைக்கோபுரதம் என்று பெயர். மூளைக்குள் எட்டிப் பார்க்கும் ஐவர்மெக்டினை உடனே இரத்தத்துக்கே தள்ளிவிடுவது அதன் வேலை.

இதைக் கண்டுபிடித்தது ஒரு விபத்து. 1990களில் நெதர்லாந்தில் இந்தக் காவல் புரதம் இல்லாத எலிகளை உருவாக்கி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். எலிக்கூடத்தில் உண்ணி போன்ற பூச்சித் தொல்லை வர, வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகள் நன்றாக இருந்தன. இந்த எலிகள் மட்டும் செத்து விழுந்தன. பிறகு அளந்து பார்த்ததில் மருந்துக்கு அவை சுமார் 100 மடங்கு எளிதில் பலியாவது தெரிந்தது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் ஆகாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். அவற்றில் அந்த மரபணுவில் நான்கு எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன.

சரி, அளவு என்று சொன்னேனே, அது எவ்வளவு? 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் வீதம் 9 மில்லிகிராம். 3 மில்லிகிராம் மாத்திரை மூன்று. விழுங்கிச் சில மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோகிராம் இருக்கும். மூலக்கூறு எடை 875 என்பதால் கணக்குப் போட்டால் சுமார் 45 நானோமோலார். புழுவின் கதவுக்கு அது தாராளம். 2020-இல் கொரோனா வைரஸை ஐவர்மெக்டின் தடுப்பதாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தட்டுச் சோதனையில் பயன்படுத்தியது 5 மைக்ரோமோலார், அதாவது இதைப்போல நூறு மடங்குக்கும் மேல். வைரஸுக்குக் குளோரைடு கதவும் கிடையாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் 2021-இல் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டபோது இந்தக் கணக்கைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்தேன்.

இந்த 45 நானோமோலார் கணக்குதான் "முடக்கும்" என்ற என் பதிலையும் கவிழ்த்தது. புழுவால் கண்பார்வை பறிபோகும் ஆற்றுக்குருடு, யானைக்கால் இரண்டிலும் மருந்து குறிவைப்பது மைக்ரோஃபைலேரியா என்ற குஞ்சுப் புழுக்களை. ஆற்றுக்குருடு நோயில் அவை தோலிலும் கண்ணிலும் அலைகின்றன, யானைக்காலில் இரத்தத்தில். மாத்திரை போட்ட ஓரிரு நாளில் குஞ்சுகளின் எண்ணிக்கை சரிந்துவிடும். பலருக்கு அப்போது அரிப்பும் காய்ச்சலும் வரும், குஞ்சுகள் அழிவதற்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. சரி, இதே குஞ்சுகளைத் தட்டில் விட்டு இதே 45 நானோமோலார் மருந்தைக் கொடுத்தால்? ஜாலியாக நெளிந்துகொண்டிருக்கும். அசைவை நிறுத்த அதைவிடப் பல மடங்கு வேண்டும். குஞ்சுகளுக்கு வாய்வழி மேய்ச்சலும் கிடையாது, தொண்டையை அடைத்துப் பட்டினி போடும் கதையும் செல்லாது. பிறகு உடம்புக்குள் மட்டும் எப்படிச் சாகின்றன?

2010-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல துப்பைக் கொடுத்தது. ப்ரூகியா மலாயி என்ற யானைக்கால் புழுவின் குஞ்சில் இந்தக் குளோரைடு சானல் எங்கெங்கே இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அது ஒரே இடத்தில் திரண்டிருந்தது: குஞ்சு தன் சுரப்புகளை வெளியே விடும் சிறு துளையைச் சுற்றிய தசை மாதிரியான அமைப்பில். மருந்து பட்டதும் குஞ்சு வெளியே விடும் புரதங்களின் அளவு குறைந்தது. அந்தப் புரதங்களைக் கொண்டுதான் ஒட்டுண்ணி நம் வெள்ளை அணுக்களின் கண்ணைக் கட்டிவைக்கிறது என்பது இத்துறையில் பலர் ஏற்கும் கருத்து. வாயைப் பொத்திவிட்டால் பொய் சொல்ல முடியாது, மாட்டிக்கொள்ளும். தட்டில் வெள்ளை அணுக்கள் இல்லை, அதனால் அங்கே சாவதில்லை. தட்டில் வெள்ளை அணுக்களையும் சேர்த்துவிட்ட சோதனைகளில், மருந்து இருக்கும்போது அவை குஞ்சுகளின் மேல் கூடுதலாக ஒட்டிக்கொள்வதும் தெரிந்தது.

முடங்குவது உண்மைதான். ஆனால் எந்தத் தசை என்பது புழுவுக்குப் புழு மாறுகிறது. சி. எலிகன்ஸில் தொண்டை, குஞ்சில் ஒரு சிறு துளையின் தசை. வளர்ந்த தாய்ப்புழுவை மருந்து கொல்வதில்லை. அது குஞ்சு விடுவதைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைக்கிறது. ஆற்றுக்குருடு நோயின் தாய்ப்புழு பத்து வருடத்துக்கு மேல் வாழும் என்பதால்தான் ஆப்பிரிக்கக் கிராமங்களில் வருடா வருடம் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒட்டுண்ணிப் புழு என்றால் எல்லாவற்றுக்கும் இது ஆகும் என்றும் இல்லை. நாடாப்புழு, தட்டைப்புழு வகைகளிடம் பலிக்காது. சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவிடம் குளுட்டமேட்டுக்குத் திறக்கும் குளோரைடு சானல்கூட இருக்கிறது, ஆனால் ஆப்பு அதில் நுழைவதில்லை.

பெரியப்பாவின் ஆட்டுப்புழு ஹீமான்கஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும், தாடை வீங்கும், கண்ணின் உள்ளிமை வெளுக்கும். ஆய்வகத்தில் இதன் தொண்டையும் உடம்புத் தசையைவிடக் குறைந்த அளவிலேயே நின்றுவிடும் என்று தெரியும். ஆனால் மருந்து பிடித்த ஆட்டில் புழு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது. பட்டினியில் சாக அது போதாத நேரம். உடம்பும் தளர்ந்து, இரைப்பையின் ஓட்டத்தில் பிடி விட்டுப்போகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு பெரியப்பா, "ஊசி இப்ப முன்ன மாதிரி கேக்கறதில்லை" என்றார். பத்து மேச்சேரி ஆடுகளின் புழுக்கையை எடுத்து, உப்புக் கரைசலில் கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் முட்டை எண்ணினேன். ஊசிக்கு முன் சராசரி கிராமுக்கு 1,350 முட்டை. ஊசி போட்டு 14-ஆம் நாள் 210. குறைந்தது 84 சதவீதம். 95-க்குக் கீழே போனால் புழு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

சி. எலிகன்ஸில் இந்த எதிர்ப்பை உண்டாக்க, குளோரைடு சானலின் மூன்று மரபணுக்களை ஒரே நேரத்தில் கெடுக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ கெட்டால் மிச்சம் இருக்கும் கதவு போதும், புழு விழும். 2000-ஆம் ஆண்டு வந்த அந்த முடிவைப் படித்தபோது, ஆட்டுப்புழுவிலும் அந்த மூன்றைத் தேடினால் ஆயிற்று என்று நினைத்தேன். மந்தைகளில் எதிர்ப்புப் பெற்ற ஹீமான்கஸின் மரபணுத்தொகுதியை அலசியவர்களுக்கோ, ஐந்தாம் குரோமோசோமில் வேறொரு பகுதிதான் திரும்பத் திரும்ப அகப்பட்டது. இந்தச் சானல் மரபணுக்கள் அந்தப் பகுதியில் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால் எளிய கேள்வி ஒன்று இருந்தது. "எவ்வளவு ஏத்தறீங்க?" என்றேன். எல்லா ஆட்டுக்கும் அரை மில்லி. 25 கிலோ ஆட்டுக்கு அது சரி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கிடைக்கும். கடாயைப் பிடித்துத் தராசில் நிறுத்தினோம். 38 கிலோ. அதற்குப் போய்ச் சேர்ந்திருந்தது கிலோவுக்கு 0.13 மட்டும்தான். வருடக்கணக்கில் பெரிய ஆடுகளுக்கெல்லாம் அரைகுறை அளவு, அதில் தப்பித்த புழுவின் முட்டைதான் மேய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை ஒவ்வோர் ஆட்டையும் எடை போட்டு ஊசி ஏற்றினோம். 14-ஆம் நாள் எண்ணியதில் 91 சதவீதம். பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்ப மிச்சம் ஒம்பது?" என்றார். அந்த ஒன்பதுக்கு ஐவர்மெக்டின் வேலை செய்யாது, வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும் என்றேன். கடாயை அவிழ்த்துவிட்டார். தராசை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை, தொழுவத்திலேயே மாட்டிவைத்திருக்கிறார்.